தம்பி கையால் எழுதிய கட்டுரைக்கு 82 சதவீதம் ‘மெஷின்’ என்று வந்திருக்கிறது

தென்பெண்ணைக்கரை

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பி தருமபுரி பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இன்டர்னலுக்காக ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள், சொந்த மாவட்டத்தில் உள்ள ஒரு தொழிலைப் பற்றி. இவன் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளைப் பற்றி எழுதினான். ஐந்து பத்தி, 600 வார்த்தைக்குக் கொஞ்சம் மேல்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து ரஃப் நோட்டில் பேனாவால் எழுதியதை நான் கண்ணால் பார்த்தேன். அடித்து அடித்துத் திருத்தியது இன்னும் நோட்டில் இருக்கிறது. கல்லூரியில் அதை ஏஐ செக்கரில் போட்டிருக்கிறார்கள், 82 சதவீதம் இயந்திரம் எழுதியது என்று காட்டியிருக்கிறது. இன்டர்னல் மார்க் பூஜ்யம். பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ரிப்போர்ட்டின் பிரின்ட் என்னிடம் இருக்கிறது. முதல், இரண்டாம், நான்காம், ஐந்தாம் பத்திகளுக்கு மஞ்சள் அடித்திருக்கிறது. மூன்றாவதை மட்டும் விட்டுவிட்டது. ஏன் இப்படி வரும் என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தக்காளி மண்டி

அக்கா, இது பெரிய விஷயமே இல்லை. நெட்டில் எங்கேயோ இருக்கிற வரி இவன் கட்டுரையிலும் இருந்தால் சதவீதம் ஏறும். என் மச்சான் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கும் 40 வந்தது. மேற்கோள் குறி போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதியதும் 12க்கு இறங்கிவிட்டது. தம்பியையும் அப்படிச் செய்யச் சொல்லுங்கள்.

ஓசூர் ராத்திரி ஷிப்ட்

மண்டி, நீங்கள் சொல்வது காப்பி பார்க்கிற செக்கர். அது வேறு வேலை. அதற்கு எதிரில் ஒரு அசல் பக்கம் இருக்கும், இந்த வரி அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டும். தப்பென்றால் நாமே திறந்து பார்த்துச் சண்டை போடலாம்.

அக்கா சொல்கிற செக்கருக்கு எதிரில் எந்தப் பக்கமும் கிடையாது. எழுத்தின் ஜாடையை மட்டும் பார்த்து ஊகம் சொல்கிறது. 82 என்றால் ‘82 சதவீதத்தை எங்கிருந்தோ எடுத்தான்’ என்று அர்த்தமே இல்லை. மேற்கோள் குறி போட்டு இறக்குகிற கணக்கும் இதில் நடக்காது.

பெங்களூரில் மொழி மாடல் சம்பந்தப்பட்ட வேலையில்தான் இருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்து விரிவாக எழுதுகிறேன். அதற்குள் அக்கா ஒன்று சொல்லுங்கள்: மூன்றாவது பத்தியில் என்ன எழுதியிருந்தான்? முதல் பத்தி எப்படித் தொடங்குகிறது?

தகடூரான்

கல்லூரியில் 22 வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். பெற்றோரும் அக்காமார்களும் வந்து ‘என் கண்ணால் பார்த்தேன்’ என்று சொல்வது புதிதல்ல. போனில் இயந்திரத்திடம் கேட்டு, அதைப் பார்த்து நோட்டில் எழுதினாலும் வீட்டில் பார்ப்பவருக்குக் கையால் எழுதுவதாகத்தான் தெரியும். போன வருடம் என் வகுப்பில் 30 பேர் கட்டுரை கொடுத்தார்கள், அதில் ஒன்பது ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருந்தது. செக்கர் இல்லாமலேயே எனக்குத் தெரிந்தது.

செக்கர் விற்கிற கம்பெனிகளும் நூற்றுக்கு ஒன்றுதான் தப்பாகும் என்கிறார்கள். தங்கள் தம்பியைக் குறை சொல்லவில்லை. ஆனால் 82 என்பது சின்ன எண் இல்லை.

தென்பெண்ணைக்கரை

ஐயா, என் போன் அந்த மூன்று நாளும் என்னிடம்தான் இருந்தது. அவன் போன் டிஸ்ப்ளே உடைந்து கடையில் கிடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

ஓசூர் அண்ணா, முதல் பத்தி ‘இன் டுடேஸ் வேர்ல்ட், அக்ரிகல்ச்சர் ப்ளேஸ் எ வைட்டல் ரோல்’ என்று தொடங்குகிறது. பன்னிரண்டாவதில் டியூஷன் சார் சொல்லிக் கொடுத்தது, எந்தத் தலைப்பு வந்தாலும் இப்படி ஆரம்பி, மார்க் குறையாது என்று. கடைசிப் பத்தியும் ‘இன் கன்க்ளூஷன்’ வகைதான்.

மூன்றாவது பத்தி எங்கள் மாமாவைப் பற்றியது. மாமா பெங்களூரா மாங்காயை லாரியில் ஏற்றிப்போய் ஃபேக்டரி கேட்டில் இரண்டு நாள் வரிசையில் நின்றார். அடியில் இருந்த காய் பழுத்து ஒழுக ஆரம்பித்தது, எடை போடும்போது அதற்கும் கிலோ கழித்துக்கொண்டார்கள். லாரி வாடகை போக மாமா கையில் என்ன மிஞ்சியது என்பது வரை எழுதியிருக்கிறான்.

ஓசூர் ராத்திரி ஷிப்ட்

நான் நினைத்தது மாதிரிதான் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள், கொஞ்சம் நீளும்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ‘படியில நிக்காத, உள்ள’ என்றதும் அடுத்த வார்த்தை ‘போ’ என்று நமக்கே தெரியும். மொழி மாடலின் வேலை முழுக்க இதுதான். இதுவரை வந்த வார்த்தைகளைப் பார்த்து, அடுத்து எது வரும் என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வாய்ப்பு போட்டு வைக்கும். எழுதச் சொன்னால் வாய்ப்பு அதிகமுள்ளதைத்தான் பெரும்பாலும் எடுக்கும். ஆகவே அது எழுதியதைத் திரும்ப அதனிடமே காட்டினால் எங்கேயும் ஆச்சரியப்படாது.

ஆரம்பகாலச் செக்கர்கள் இதைத் தலைகீழாகத் திருப்பின. கட்டுரையை வார்த்தை வார்த்தையாக ஒரு மாடலுக்குக் காட்டி, எவ்வளவு ஆச்சரியம் வருகிறது என்று அளந்தன. அந்த அளவுக்கு பெர்ப்ளெக்ஸிட்டி என்று பெயர். பெயரை விடுங்கள், கணக்கு சுலபம். புரிவதற்காக எண்களை நானே போடுகிறேன். நான்கு வார்த்தை. முதலாவது வரும் என்று மாடல் இரண்டில் ஒரு பங்கு எதிர்பார்த்தது, அடுத்தது நான்கில் ஒன்று, பிறகு இரண்டில் ஒன்று, கடைசி நான்கில் ஒன்று. 2, 4, 2, 4 ஆகியவற்றைப் பெருக்கினால் 64, அதன் நான்காம் மூலம் சுமார் 2.8. அதாவது ஒவ்வொரு இடத்திலும் மாடலுக்கு ஏறக்குறைய மூன்று வார்த்தைக்குள்தான் குழப்பம். இப்போது கடைசி வார்த்தையை மட்டும் மாற்றுங்கள், ஆயிரத்தில் ஒரு பங்குதான் எதிர்பார்த்த வார்த்தை வந்துவிட்டது என்று. பெருக்கினால் 16,000, நான்காம் மூலம் சுமார் 11.2. ஒரே ஒரு வார்த்தையில் நான்கு மடங்கு ஏறிவிட்டது.

தம்பியின் முதல் பத்தியை இப்படிப் பாருங்கள். ‘ப்ளேஸ் எ வைட்டல்’ வரை வந்துவிட்டால் அடுத்து ‘ரோல்’ வராமல் வேறு என்ன வரும்? மூன்றாவது பத்தியில் ஃபேக்டரி கேட், இரண்டு நாள், அடியில் ஒழுகுகிற பழம், கழித்துக்கொண்ட கிலோ. இதை எந்த மாடல் எதிர்பார்க்கும்? அதனால்தான் அதற்கு மட்டும் மஞ்சள் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் இந்த ஆச்சரியம் ஏறி இறங்குகிறதா, எல்லாம் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று. நாம் மனம்போல எழுதினால் ஒரு வாக்கியம் நீண்டு ஓடும், அடுத்தது இரண்டே வார்த்தையில் முடியும். பரீட்சைக்குப் பழகிய பிள்ளைகள் தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லா வாக்கியத்தையும் பன்னிரண்டு பதின்மூன்று வார்த்தையில் ஒரே நீளத்துக்கு நிறுத்துகிறார்கள். அதுவும் இயந்திர ஜாடையில்தான் போய் விழும்.

ஆக, தெரிந்த வார்த்தையை மட்டும், தெரிந்த வரிசையில் எழுது என்று நாம் சொல்லிக் கொடுத்ததை அவன் ஒழுங்காகச் செய்திருக்கிறான்.

ராகி களி

அப்படியென்றால் தமிழில் எழுதினால் தப்பிக்கலாமா? என் கதையைக் கேளுங்கள். பென்னாகரத்தில் எங்கள் ஊர் எருதாட்டத்தைப் பற்றி ஒரு மலருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். முழுக்க என் பாட்டி சொன்ன கதை. மலர்க் குழுவில் ஒரு தம்பி அதை இலவச செக்கர் ஒன்றில் போட்டுவிட்டு, 96 சதவீதம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பாட்டிக்குக் கைநாட்டு. அவளை இயந்திரம் என்று சொன்ன முதல் ஆள் அவன்தான்.

ஓசூர் ராத்திரி ஷிப்ட்

களி, எந்தச் செக்கர் என்று தெரியாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இப்படி நடக்க ஒரு வழி இருக்கிறது, அது வேடிக்கையானது.

தமிழில் எழுத்து, துணைக்கால், புள்ளி என்று ஒவ்வொன்றும் கணினிக்குள் தனித்தனியாக மூன்று பைட்டாகப் போகிறது. ‘மாங்’ என்று எழுதினால் உள்ளே இப்படி:

```
ம   E0 AE AE
ா   E0 AE BE
ங   E0 AE 99
்   E0 AF 8D
```

முதல் பைட் எப்போதும் E0. இரண்டாவது AE அல்லது AF, வேறு கிடையாது. மூன்றாவதில்தான் உண்மையான சேதி இருக்கிறது. தமிழ் அதிகம் படிக்காத பழைய மாடல்கள் தமிழை வார்த்தையாகப் பார்ப்பதில்லை, இந்த மாதிரிச் சில்லுகளாகத்தான் பார்க்கின்றன. மூன்றில் இரண்டு சில்லைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம் என்றால் சராசரி ஆச்சரியம் என்னவாகும்? அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆங்கிலத்துக்கு வைத்த எல்லைக்கோட்டை அப்படியே தமிழுக்கும் வைத்தால், பாட்டி சொன்னதும் இயந்திரம், செய்தித்தாளும் இயந்திரம்.

சோதிக்க வேண்டுமென்றால் சுலபம். செயற்கை நுண்ணறிவு வருவதற்கு முன் அச்சான தமிழ்ப் பக்கங்கள் பத்து எடுத்து அதே செக்கரில் போடச் சொல்லுங்கள். அவையும் 90க்கு மேல் போனால் அந்தச் செக்கருக்குத் தமிழே தெரியாது.

தகடூரான்

ஓசூர் தம்பி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு மறுப்பு உண்டு.

ஒன்று, இன்றைய செக்கர்கள் நீங்கள் சொன்ன ஆச்சரியக் கணக்கை மட்டும் நம்பி ஓடுவதில்லை. மனிதர் எழுதியது, இயந்திரம் எழுதியது என்று ஆயிரக்கணக்கில் காட்டிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இரண்டு, ‘வைட்டல் ரோல்’ எழுதுகிற எல்லாப் பிள்ளைகளும் மாட்டவில்லையே? என் வகுப்பில் அப்படி எழுதி மஞ்சள் விழாதவர்களும் இருக்கிறார்கள்.

ஓசூர் ராத்திரி ஷிப்ட்

முதல் மறுப்பு சரி ஐயா. நான் சொன்னது அடிப்படை. புதியவை பயிற்சி கொடுத்த வகைதான், பழையதைவிட நன்றாகவே பிரிக்கின்றன. ஆனால் பயிற்சிக்குக் காட்டிய ‘மனித’ எழுத்து யாருடையது என்பதுதான் கேள்வி. அதில் தருமபுரியில் தமிழ் மீடியம் படித்து ஆங்கிலம் எழுதுகிற பிள்ளை எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

2023இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை செய்தார்கள். டோஃபல் தேர்வுக்காக, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு செக்கர்களில் போட்டார்கள். எல்லாமே மனிதர் எழுதியது. சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் என்றன. 18 கட்டுரைகளை ஏழு செக்கர்களும் ஒரே குரலில் இயந்திரம் என்றன. ஏழு பேர் சேர்ந்து சாட்சி சொன்னாலும் ஏழும் ஒரே ஜாடையைத்தான் பார்க்கின்றன என்றால் அது ஒரு சாட்சிதானே. அதே செக்கர்கள் அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் மிகக் குறைவாகத்தான் தப்பு செய்தன.

அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. அந்த டோஃபல் கட்டுரைகளை ChatGPTயிடம் கொடுத்து, வார்த்தைகளைக் கொஞ்சம் செழிப்பாக்கு என்றார்கள். தப்பாக மாட்டுவது சுமார் 12 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இயந்திரம் கை வைத்த பிறகுதான் அது மனிதர் எழுதியதாகத் தெரிந்தது. ஆனால் ஐயா சொல்வது மாதிரி அவை 2023 செக்கர்கள். இன்றைக்கும் அதே எண் வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

‘நூற்றுக்கு ஒன்று’ என்ற கணக்குக்கு வருகிறேன். ஒரு துறையில் 240 பேர், வருடத்துக்கு ஐந்து அசைன்மென்ட், ஆக 1,200 தாள். பத்தில் ஒன்று உண்மையிலேயே இயந்திரம் எழுதியது, அதாவது 120, என்று வைப்போம். செக்கர் அதில் 80 சதவீதத்தைப் பிடித்தால் 96. மீதி 1,080 நேர்மையான தாளில் நூற்றுக்கு ஒன்று தப்பாக மாட்டினால் 11. மஞ்சள் விழுந்த 107இல் 11 பேர் குற்றமற்றவர்கள். இது நல்ல நிலவரம். நம் பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குத் தப்பு விகிதம் நூற்றுக்குப் பத்து என்று வைத்துப் பாருங்கள். 108 நேர்மையான தாள் மாட்டும், பிடிபட்ட திருட்டுத் தாளைவிட அதிகம். அந்த விகிதம் ஒன்றா பத்தா என்று யாராவது நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்களா?

அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இதே கணக்கைத்தான் போட்டது. 2022இல் அங்கே வந்த தாள் 75,000, நூற்றுக்கு ஒன்று என்றாலே 750 பேர். 2023 ஆகஸ்டில் அங்கே பயன்படுத்திய ஏஐ செக்கரை நிறுத்திவிட்டார்கள். ChatGPTயைச் செய்த ஓபன்ஏஐயே 2023 ஜனவரியில் ஒரு செக்கர் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் எடுத்துவிட்டது. தன் பிள்ளையைத் தானே அடையாளம் காண முடியவில்லை.

உங்கள் இரண்டாவது மறுப்பு எனக்கும் இடிக்கிறது. முதல், ஐந்தாம் பத்திக்குக் காரணம் சொல்லிவிட்டேன். இரண்டும் நான்கும் ஏன் மாட்டின? அக்கா, அவை எதைப் பற்றி?

ஒகேனக்கல் பரிசல்

இவ்வளவு கணக்கு எதற்கு? நெட்டில் ‘மனிதன் எழுதின மாதிரி’ ஆக்கித் தருகிற சைட் நிறைய இருக்கிறது. அதில் போட்டு எடுத்தால் பூஜ்யம் காட்டும். இல்லாவிட்டால் நாலு ஸ்பெல்லிங்கைத் தப்பாக எழுது. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் இப்படித்தான்.

ஓசூர் ராத்திரி ஷிப்ட்

பரிசல், செய்யாத தப்பிலிருந்து தப்பிக்க அந்தத் தப்பையே செய்யச் சொல்கிறீர்கள். அந்த சைட்களின் ஜாடையையும் செக்கர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அப்புறம் நிஜமாகவே மாட்டினால் நோட்டைக் காட்டிக்கூட வாதாட முடியாது.

தென்பெண்ணைக்கரை

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், ஒரு விஷயம் தெரிய வந்தது. சொல்லவே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

இரண்டாம் பத்தி எந்தெந்த ரகம், கூழ் எப்படி எடுக்கிறார்கள் என்பது. நான்காவது தை மாதப் பனியில் பூ கொட்டுவதும் தத்துப்பூச்சியும். நோட்டை எடுத்து வைத்து, கல்லூரியில் கொடுத்த பிரின்ட்டோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தேன். ஒத்துப்போகவில்லை!

நோட்டில் அவன் எழுதியது: ‘வென் ஃபாக் கம்ஸ் தி ஃப்ளவர்ஸ் ஆர் ஃபாலிங் லைக் எனிதிங் அண்ட் மை அங்கிள் இஸ் நாட் ஸ்லீப்பிங்.’ பிரின்ட்டில் இருப்பது: ‘டென்ஸ் ஃபாக் காஸஸ் சிக்னிஃபிகன்ட் ஃப்ளவர் டிராப், லீடிங் டு கன்ஸிடரபிள் டிஸ்ட்ரஸ் அமங் ஃபார்மர்ஸ்.’

தம்பியைக் கேட்டால் விழிக்கிறான். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நோட்டைக் கொடுத்து டைப் செய்து வாங்கியிருக்கிறான். பக்கத்துக்கு 25 ரூபாய். நேராகக் கடைக்கே போய்க் கேட்டேன். டைப் செய்கிற பெண் சர்வசாதாரணமாகச் சொல்கிறாள்: ‘நீலக்கோடு, சிவப்புக்கோடு வந்தா எல்லாத்தையும் ஒரே க்ளிக்குல சரி பண்ணிடுவோம்க்கா, அதுக்குத் தனியா காசு வாங்கறது இல்ல.’ இலக்கணம் திருத்துகிற ஏதோ ஒன்றை பிரவுசரில் போட்டு வைத்திருக்கிறாள். மாமா தூங்காமல் இருந்ததையும் அது இலக்கணப் பிழை என்று எடுத்துவிட்டது போலிருக்கிறது.

தகடூரான்

அப்படியானால் கட்டுரையில் இயந்திரத்தின் கை பட்டிருக்கிறது. செக்கர் முழுத் தப்பு செய்யவில்லை.

தக்காளி மண்டி

ஐயா, பையனுக்கே தெரியாதே! டெய்லர் பட்டனை மாற்றித் தைத்தால் சட்டை யாருடையது?

ஓசூர் ராத்திரி ஷிப்ட்

அக்கா, இதுதான் விடுபட்ட துண்டு. இப்போது வருகிற இலக்கணத் திருத்திகள் பிழையை மட்டும் திருத்துவதில்லை, வாக்கியத்தையே ‘நல்லா’ எழுதித் தருகின்றன. அதற்குப் பின்னால் இருப்பதும் ஒரு மொழி மாடல்தான். ‘ஃபாலிங் லைக் எனிதிங்’ நம் ஊர் ஆங்கிலம், மாடல் அந்த இடத்தில் எதிர்பார்க்காதது. அதை எடுத்துவிட்டு அதிகம் எதிர்பார்க்கிற வார்த்தையை வைத்தது. மாமா போய் ‘ஃபார்மர்ஸ்’ வந்தது. ஒவ்வொரு க்ளிக்கிலும் ஆச்சரியம் ஒரு படி இறங்கியது. லாரிப் பத்தியிலும் அந்தப் பெண் க்ளிக் செய்திருப்பாள், ஆனால் அங்கே சேதியே விசித்திரமாக இருந்ததால் எவ்வளவு மெழுகினாலும் மட்டமாகவில்லை.

ஐயா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் ரிப்போர்ட்டில் ‘இலக்கணம் திருத்தப்பட்டது’ என்று வரவில்லை, ‘இயந்திரம் எழுதியது’ என்றுதான் வந்திருக்கிறது. யோசித்தது யார், வழவழப்பாக்கியது யார் என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. அந்த மஞ்சளை வைத்துப் பூஜ்யம் போட்டது மனிதர்.

ஒரு சோதனை செய்யுங்கள். நோட்டில் இருப்பதைப் பிழையோடு, ஒரு எழுத்துகூட மாற்றாமல் நீங்களே டைப் செய்து, அதே செக்கரில் போடச் சொல்லிக் கேளுங்கள். Wordஇல் செய்தால் File போய் Infoவில் Total Editing Time எவ்வளவு என்று எடுத்து வையுங்கள். Google Docs என்றால் Version history படிப்படியாக எழுத்து வளர்வதைக் காட்டும். ஆனால் இது டைப் செய்ததற்குத்தான் சாட்சி. யோசித்ததற்குச் சாட்சி அந்த ரஃப் நோட்டு. அடித்தல் திருத்தல் தெரிகிற மாதிரி பக்கம் பக்கமாகப் போட்டோ எடுங்கள்.

ராகி களி

அந்த ஜெராக்ஸ் கடையில் போன மாதம்தான் நான் வேலைக்கு பயோடேட்டா டைப் செய்தேன் போலிருக்கிறது. ‘டைனமிக்’ என்று ஒரு வார்த்தை வந்திருந்தது, நான் எழுதவே இல்லை. யார் போட்டது என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

தென்பெண்ணைக்கரை

கடைசி நிலவரம்.

நோட்டில் உள்ளதை அப்படியே டைப் செய்து கொண்டுபோனோம். துறைத் தலைவர் நல்ல மனிதர், அங்கேயே போட்டுப் பார்த்தார். 82 இருந்த இடத்தில் 37. இரண்டாம், நான்காம் பத்தியில் மஞ்சள் போய்விட்டது. முதலும் ஐந்தாவதும் அப்படியே நிற்கிறது. நோட்டைப் பார்த்தார், அடித்தலைப் பார்த்தார், ‘இது நீ எழுதினதுதான், ஆனா இதுக்கு ஏன் இன்னும் 37 காட்டுது?’ என்று எங்களையே திருப்பிக் கேட்டார். ஓசூர் அண்ணா சொன்ன ‘வைட்டல் ரோல்’ கதையை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். பாதிதான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

பிறகு தம்பியை உட்காரவைத்து, தத்துப்பூச்சி வந்தால் பூவில் என்ன தெரியும் என்று கேட்டார். இவன் ஆங்கிலத்தில் தடுமாறிவிட்டுத் தமிழில் சொன்னான், பூங்கொத்தை உலுக்கினால் பொடிப்பொடியாகப் பறக்கும், இலை மேலே பிசுபிசு என்று ஒட்டும், கொஞ்ச நாளில் கருப்பு படியும் என்று. அவருக்கும் போச்சம்பள்ளிப் பக்கம் தோப்பு இருக்கிறதாம். பத்து நிமிடம் இருவரும் மருந்தடிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பூஜ்யத்தை எடுத்துவிட்டார்கள். இருபதுக்கு ஒன்பது போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்காகக் குறைத்தார்களா, அந்த 37க்காகக் குறைத்தார்களா என்று கேட்டால், ‘ரெண்டும்னு வெச்சுக்கோங்க’ என்கிறார்.

தகடூரான்

தமிழில் சொன்னதை மார்க்கில் சேர்க்க முடியாது, அது ஆங்கிலத் தாள். ஆனால் 37க்காகக் குறைத்திருந்தால் சரியில்லை. எழுத்து மூலமாகக் கேளுங்கள், எதற்கு எத்தனை மார்க் என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒன்று கேட்கிறேன், அந்த ‘லைக் எனிதிங்’ வாக்கியத்தை என் வகுப்பில் எழுதிப் போடலாமா? பையன் பெயர் வராது.

தென்பெண்ணைக்கரை

போடுங்கள் ஐயா. மாமாவிடமும் சொல்லிவிட்டேன். நான் தூங்காதது எதற்கு இங்கிலீஷில் என்று கேட்கிறார்.